பர்ஸ் பத்திரம்: ஏர்போர்ட் கவுன்டரில் கட்டிய 4,000 ரூபாய்... அதில் கட்ட வேண்டியது எவ்வளவு?

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி மூன்று ரசீதுகளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். முதல் ரசீது கூடுதல் லக்கேஜுக்கு 1,800 ரூபாய். இரண்டாவது சீட்டுக்கு 700 ரூபாய். மூன்றாவது பெயர்த் திருத்தத்துக்கு 1,500 ரூபாய். டெல்லியில் இருக்கும் நாத்தனாரின் வளைகாப்புக்குக் கணவர், 6 வயது மகன், மாமியாரோடு கிளம்பியவர், சென்னை விமான நிலையத்தில் அரை மணி நேரத்துக்குள் 4,000 ரூபாயைக் கட்டியிருக்கிறார்.

'பின்னாடி பெரிய க்யூ. கவுன்டரை மூடப் போறோம்னு சொல்றாங்க. மாமியாருக்குப் படபடப்பு வந்துடுச்சு. விடு, கட்டிட்டுப் போவோம்னு இவர் கார்டை நீட்டிட்டார். இதெல்லாம் நியாயமான கட்டணம்தானா, இல்லை ஏமாந்துட்டோமா?' என்று கேட்டிருந்தார்.

ரசீதுகளோடு டிக்கெட்டுகளையும் அனுப்பச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றுக்கும் மூன்று விதமான பதில் கிடைத்தது. ஒன்று நியாயமான கட்டணம், ஆனால் கட்டாமல் தப்பித்திருக்கலாம். இன்னொன்று கேட்டிருக்கவே கூடாத கட்டணம். மூன்றாவது கட்ட வேண்டியதுதான், ஆனால் கட்ட வேண்டியவர் அந்த வாசகி இல்லை. விமானக் கட்டணங்களில் சிக்கல் இதுதான். எல்லாமே 'எக்ஸ்ட்ரா சார்ஜ்' என்ற ஒரே பெயரில் வருவதால், எல்லாவற்றையும் கட்டிவிடுகிறோம், அல்லது எல்லாவற்றுக்கும் சண்டை போடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

முதல் ரசீது: லக்கேஜ்

இவர்கள் கொண்டுபோனது நான்கு பெட்டிகள். எடை 19 கிலோ, 17 கிலோ, 12 கிலோ, 8 கிலோ. மொத்தம் 56 கிலோ. உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக ஆளுக்கு 15 கிலோ. 2 வயது நிறைந்த குழந்தைக்குத் தனி டிக்கெட் என்பதால் மகனுக்கும் அதே 15 கிலோ. ஆக, நான்கு பேருக்கு 60 கிலோ. கணக்குப்படி 4 கிலோ மிச்சம்தான் இருக்க வேண்டும். பிறகு எப்படி 3 கிலோவுக்குப் பணம் கேட்டார்கள்?

விடை டிக்கெட்டில் இருந்தது. கணவன், மனைவி, மகன் மூவருக்கும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரே பி.என்.ஆர். எண்ணில் புக் செய்திருக்கிறார்கள். மாமியார் 'நானும் வர்றேன்' என்று பத்து நாள் கழித்துச் சொன்னதால், அவருக்குத் தெரிந்த ஏஜென்ட் மூலம் தனி டிக்கெட். குடும்பம் ஒன்று, பி.என்.ஆர். இரண்டு. பல நிறுவனங்கள் ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களின் எடையைச் சேர்த்துக் கணக்கிடும். ஆனால் இந்த பி.என்.ஆரில் மிச்சம் இருக்கும் எடையை வேறொரு பி.என்.ஆருக்குக் கொடுக்காது.

கவுன்டரில் நடந்தது இது. 19, 17, 12 கிலோ பெட்டிகள் மூன்றையும் மூவரின் பி.என்.ஆரில் போட்டார்கள். 48 கிலோ வந்தது. அனுமதி 45 கிலோ. எனவே 3 கிலோ கூடுதல், கிலோவுக்கு 600 வீதம் 1,800 ரூபாய். மாமியாரின் 8 கிலோ பெட்டி தனியாகப் போனது. அவருடைய 15 கிலோவில் 7 கிலோ யாருக்கும் பயன்படாமல் போய்விட்டது.

இப்போது இதே பெட்டிகளை வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். 12 கிலோ பெட்டியை மாமியார் பெயரிலும், 8 கிலோ பெட்டியை மற்ற மூவரின் பெயரிலும் போட்டிருந்தால்? மாமியாருக்கு 12 கிலோ, அனுமதி 15. மூவருக்கு 19, 17, 8 சேர்த்து 44 கிலோ, அனுமதி 45. ஒரு பெட்டியைக்கூடத் திறக்க வேண்டாம். இரண்டு பெட்டிகளை இடம் மாற்றியிருந்தால் 1,800 ரூபாய் மிச்சம். டேக் ஒட்டி பெல்ட்டில் பெட்டி போவதற்கு முன்பு கேட்டால், கவுன்டரில் இருப்பவர் இதைச் செய்து தருவார். டேக் ஒட்டிப் போன பிறகு கஷ்டம். (உடன் வரும் சொந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் இந்த யோசனை. க்யூவில் நிற்கும் முகம் தெரியாதவர் 'இந்தப் பையை உங்க பேர்ல போட்டுக்கோங்க' என்றால், எவ்வளவு இரக்கமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.)

ஆகவே, இந்த 1,800 ரூபாய் நியாயமான கட்டணம்தான். நிறுவனம் தன் விதிப்படி வாங்கியிருக்கிறது. திரும்பக் கேட்க வழியில்லை என்று வாசகிக்குச் சொல்லிவிட்டேன்.

லக்கேஜில் சரிபார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, டிக்கெட்டில் 'செக்-இன் பேக்கேஜ்' என்ற வரி. அதில் 15 கிலோ என்று மட்டும் இருக்கிறதா, அதோடு ஒரு பெட்டிதான் என்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஒரு பெட்டி' என்று இருந்தால், 15 கிலோவை 8, 7 என்று இரண்டு பைகளாகப் பிரித்துக் கொண்டுபோனாலும் இரண்டாவது பைக்குப் பணம் கேட்கலாம். விலை குறைந்த சில டிக்கெட்டுகளில் செக்-இன் லக்கேஜே கிடையாது. கையில் கொண்டுபோகும் 7 கிலோ பை மட்டும்தான். டிக்கெட் மலிவாக இருந்தால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

இன்னொன்று, எடைக்கருவி. பெட்டியை வைக்கும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய பயணியின் பை ஓரத்தில் சாய்ந்திருந்தாலோ, உங்கள் பையின் வார் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்தாலோ எடை மாறும். வீட்டில் பார்த்த எடைக்கும் இங்கே காட்டும் எடைக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், 'பக்கத்து கவுன்டரில் ஒருமுறை வைத்துப் பார்க்கலாமா?' என்று கேளுங்கள். கையில் பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதையும் வைத்துப் பார்க்கலாம். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். காய்கறிக் கடைத் தராசுக்கு இருப்பதுபோல, இந்த எடைக்கருவிக்கும் சட்டமுறை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரை இட்டிருக்க வேண்டும்.

எடை நிஜமாகவே கூடிவிட்டால், உடனே கார்டை எடுக்காமல் கைப்பைகளைப் பாருங்கள். ஆளுக்கு ஒரு பை, 7 கிலோ வரை கேபினுக்குள் கொண்டுபோகலாம். பட்டுப்புடவைகளைக் கைப்பைக்கு மாற்றினாலே மூன்று கிலோ எளிதாகக் குறையும். ஊறுகாயையும் மிளகாய்ப் பொடியையும் மட்டும் மாற்றிவிடாதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். கூடுதல் எடை இருக்கும் என்று முன்பே தெரிந்தால், வீட்டிலிருந்தே நிறுவனத்தின் ஆப்பில் வாங்கிவிடுங்கள். கவுன்டர் விலையைவிடக் குறைவாக இருக்கும்.

இரண்டாவது ரசீது: சீட்

வாசகி வீட்டிலிருந்து வெப் செக்-இன் செய்யவில்லை. செய்யப் போனபோது எல்லா சீட்டுக்கும் விலை காட்டியதால், 'ஏர்போர்ட்லயே பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டார். கவுன்டரில் மூவருக்கும் மூன்று இடம் வந்தது. கணவருக்கு 9-ஆம் வரிசை, இவருக்கு 21, மகனுக்கு 27. 'ஆறு வயசுப் பையன் எப்படித் தனியா உட்காருவான்?' என்று கேட்டதற்கு, 'சேர்ந்து உட்காரணும்னா சீட்டுக்கு 350 ஆகும் மேடம்' என்று பதில். அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்து 700 ரூபாய்.

இந்தக் கட்டணத்தைக் கேட்டிருக்கவே கூடாது. விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் குறைந்தது ஒருவரின் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்பதே அது. மகனின் வயது 6. அம்மாவும் அப்பாவும் அதே பி.என்.ஆரில் இருக்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

ஆனால், இந்த விதி எதுவரை போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். முழுக் குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று கேட்க முடியாது. ஜன்னலோர சீட்டையும் கேட்க முடியாது. குழந்தையின் டிக்கெட் ஒரு பி.என்.ஆரிலும் பெற்றோரின் டிக்கெட் வேறொரு பி.என்.ஆரிலும் இருந்தால் விதி துணைக்கு வராது. தனி டிக்கெட்டில் வந்த மாமியாரை இவர்கள் பக்கத்தில் உட்கார வைக்க இந்த விதியைக் காட்ட முடியாது. அதற்குப் பணம் கேட்டால் அது நிறுவனத்தின் உரிமை.

பெரியவர்கள் மட்டும் போகும்போது என்ன செய்வது? பிடித்த சீட்டைத் தேர்ந்தெடுப்பது, லக்கேஜ், சாப்பாடு போன்ற சேவைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்க டி.ஜி.சி.ஏ. அனுமதித்திருக்கிறது. ஆனால் பயணி தானாக விரும்பிக் கேட்டால் மட்டுமே அந்தக் கட்டணம். அதாவது, சீட் வாங்கினால்தான் பயணம் செய்யலாம் என்பது கிடையாது. வெப் செக்-இன்னில் சீட் படம் வந்ததும் பலர் பதறிப்போய் மலிவான சீட்டைத் தொட்டுவிடுகிறார்கள். எதையும் தொடாமல் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகும் வழி, பெரும்பாலும் சின்ன எழுத்தில், ஓரத்தில் இருக்கும். அதை அழுத்தினால் ஏதோ ஒரு சீட் இலவசமாகவே வரும். நடு சீட்டாக இருக்கலாம், கடைசி வரிசையாக இருக்கலாம். ஆனால் பணம் இல்லை. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில், நீங்கள் கேட்காத சீட்டோ இன்ஷூரன்ஸோ தானாக டிக் ஆகி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்ட தந்திரம்.

இன்னொரு விஷயம். வெப் செக்-இன் செய்யாமல் போனால் கவுன்டரில் போர்டிங் பாஸ் தருவதற்கு முன்பு சில இடங்களில் பணம் வாங்கினார்கள். அப்படி வாங்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையில் சொல்லிவிட்டது. உள்நாட்டுப் பயணத்தில் யாராவது கேட்டால் மறுக்கலாம்.

மூன்றாவது ரசீது: பெயர்

மாமியாரின் பெயர் மீனாட்சி என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் MEENAKSHI. டிக்கெட்டில் MEENATCHI. தமிழில் ஒரே பெயர், ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து வித்தியாசம். லட்சுமி, சண்முகம், கோமதி, செந்தில் என்று நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத மூன்று நான்கு வழிகள் உண்டு. அதனால் இந்தப் பிழை நம் வீடுகளில் அடிக்கடி வரும். கவுன்டரில் இதைக் கவனித்து, திருத்தினால்தான் போர்டிங் பாஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். திருத்தக் கட்டணம் 1,500 ரூபாய்.

டி.ஜி.சி.ஏ. விதி என்ன சொல்கிறது? டிக்கெட்டை நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக வாங்கி, 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சுட்டிக்காட்டினால், அதே ஆளின் பெயரில் உள்ள எழுத்துப்பிழையைக் கட்டணம் இல்லாமல் திருத்தித் தர வேண்டும். இதில் இரண்டு நிபந்தனைகள். நேரடியாக வாங்கியிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாமியாரின் டிக்கெட் இரண்டிலுமே சேராது. ஏஜென்ட் மூலம் வாங்கியது, கவனித்ததோ மூன்று வாரம் கழித்து, கவுன்டரில். ஆகவே நிறுவனம் தன் கட்டணத்தைக் கேட்டது தவறில்லை.

ஆனால், பிழை யாருடையது? 'ஏஜென்டுக்குப் பெயரை எப்படிக் கொடுத்தீர்கள்?' என்று வாசகியிடம் கேட்டேன். ஆதார் அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்னார். அந்த மெசேஜ் போனில் இன்னும் இருந்தது. அதில் தெளிவாக MEENAKSHI. அதைப் பார்க்காமல் காதில் விழுந்தபடி டைப் செய்தவர் ஏஜென்ட். ஆகவே, அந்த மெசேஜையும் 1,500 ரூபாய் ரசீதையும் சேர்த்து ஏஜென்டுக்கு அனுப்பச் சொன்னேன். முதலில் 'டிக்கெட் அனுப்பினப்பவே செக் பண்ணியிருக்கணுமே' என்று மழுப்பியவர், பிறகு பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு. டிக்கெட் வந்தபோது இவர்கள் தேதியையும் நேரத்தையும் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

எனவே டிக்கெட் வந்த அன்றே, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். உள்நாட்டுப் பயணம் என்றால் எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் உள்ளபடி. வெளிநாடு என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டும்.

நமக்கு இன்னொரு தலைவலி இனிஷியல். டிக்கெட் படிவத்தில் 'கடைசிப் பெயர்' கேட்கும். நமக்கோ ஓர் எழுத்துதான் இருக்கும். பல தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காது. அப்போது மனதில் தோன்றியதை நிரப்பாதீர்கள். குடும்பப் பெயர் இல்லாதவர்கள் என்ன எழுத வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் தளத்தில் குறிப்பு தந்திருக்கும். அதன்படி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால், அந்த 24 மணி நேரத்துக்குள்ளேயே வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிவிடுங்கள்.

ஏஜென்ட் மூலம் திருத்தினால், நிறுவனத்தின் கட்டணம் எவ்வளவு, ஏஜென்டின் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நிறுவனத்தின் கட்டணப் பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்னொன்றும் கவனம்: இது எழுத்தைத் திருத்துவது மட்டுமே. மாமியாருக்கு வாங்கிய டிக்கெட்டில் சித்தியை அனுப்ப முடியாது. அது வேறு ஆள், வேறு டிக்கெட்.

கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி?

கவுன்டரில் நின்று விதி பேச நேரம் கொஞ்சம்தான். உள்நாட்டு விமானங்களுக்குப் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுவது வழக்கம். ஒருமுறை அமைதியாகக் கேளுங்கள்: 'இது எந்தக் கட்டணம்? உங்க இணையதளத்துல எங்கே இருக்கு?' ஒப்புக்கொள்ளவில்லை என்றால், விமானத்தைத் தவறவிடாமல் பணத்தைக் கட்டிவிடுங்கள். ஆனால் ரொக்கமாக வேண்டாம். கார்டு அல்லது யு.பி.ஐ.யில் கட்டி ரசீது வாங்குங்கள். ரசீதில் எதற்காக வாங்கினார்கள், எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு, பி.என்.ஆர். எண் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தொகை மட்டும் இருந்தால், எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் கொடுத்த சீட் எண்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வாசகி அப்படித்தான் செய்திருந்தார். மகனுக்கு 27-ஆம் வரிசை என்று முதலில் அச்சிட்ட போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருந்தார். மகனின் வயது, ஒரே பி.என்.ஆர்., 2024 ஏப்ரல் உத்தரவு, 700 ரூபாய் ரசீது, அந்தப் பழைய போர்டிங் பாஸ் என எல்லாவற்றையும் சேர்த்து நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினார். முதல் பதில் வழக்கமான 'வருந்துகிறோம்' மட்டும்தான். அடுத்து, நிறுவனத்தின் தளத்தில் பெயரோடு தரப்பட்டிருக்கும் குறைதீர் அதிகாரிக்கு எழுதினார். கூடவே, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் AirSewa ஆப்பிலும் புகாரைப் பதிந்தார். மூன்றாவது வாரம் 700 ரூபாய் அவர் கணக்குக்கு வந்துவிட்டது.

வராமல் போயிருந்தால்? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

ஆக, 4,000 ரூபாயில் 2,200 திரும்ப வந்தது. மீதி 1,800 போனது போனதுதான். 'அந்த ரெண்டு பெட்டியையும் மாத்தி வெச்சிருந்தா போதுமா சார்? அதைத்தான் தாங்க முடியலை' என்று வாசகி போனில் சிரித்தார். குழந்தை பிறந்ததும் மறுபடி டெல்லிக்குப் போகிறார்களாம். இந்த முறை நான்கு பேருக்கும் ஒரே பி.என்.ஆரில் புக் செய்து, அன்று இரவே மாமியாரின் ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டதாகச் சொன்னார்.